நாலு கேட்டில் ஒரு மோட்டார்

மின்னணு உதிரிபாகக் கடையில் 7400 என்று கேட்டால் 14 கால் உள்ள ஒரு கறுப்புச் சில்லை எடுத்துத் தருவார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த சில்லு வரிசையில் முதல் எண் அது. 14-ஆம் காலில் 5 வோல்ட், 7-ஆம் காலில் கிரவுண்ட். மீதி 12 கால்களுக்குப் பின்னால் ஒரே மாதிரியான நான்கு சுற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே போக இரண்டு வழி, வெளியே வர ஒரு வழி. அந்தச் சுற்றுக்குப் பெயர் நேண்ட் கேட்.

அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு விதிதான். உள்ளே வரும் இரண்டும் 1 என்றால் வெளியே 0. மற்ற எந்த நிலையிலும் வெளியே 1. இங்கே 1 என்பது 5 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம், 0 என்பது கிரவுண்டை ஒட்டியது. இந்த ஒற்றை விதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆம்-இல்லை என்று பதில் சொல்லக்கூடிய எந்த நிபந்தனையையும் சுற்றாக்கிவிடலாம். அதனால்தான் நேண்டை யுனிவர்சல் கேட் என்கிறார்கள். கல்லூரித் தேர்வில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு முடித்துவிடுவார்கள். எப்படி என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

நிபந்தனைகளைச் சொல்ல நமக்கு மூன்று கருவிகள் தேவைப்படுகின்றன. "இதுவும் அதுவும்" என்பது ஆண்ட். "இதுவோ அதுவோ" என்பது ஆர். "இல்லை" என்பது நாட். இந்த மூன்றையும் நேண்டிலிருந்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

நாட் மிக எளிது. நேண்டின் இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் 1 போனால் 0 வரும், இரண்டுக்கும் 0 போனால் 1 வரும். அதாவது தலைகீழ். ஆண்டும் கடினமில்லை. நேண்ட் என்பதே ஆண்டின் தலைகீழ்தான். அதன் பின்னால் இன்னொரு நேண்டை நாட்டாகப் போட்டால் தலைகீழின் தலைகீழ் கிடைக்கும். இரண்டு கேட் செலவில் ஆண்ட் வந்துவிட்டது.

ஆர்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். நேண்டின் விதியை வேறு வாயால் சொல்லிப் பாருங்கள்: "உள்ளே வருவதில் ஏதாவது ஒன்று 0 ஆக இருந்தால் வெளியே 1." முன்பு சொன்ன அதே விதிதான், ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. ஆனால் இப்போது அதற்குள் ஒரு 'ஏதாவது ஒன்று' தெரிகிறது. நேண்ட் ஏற்கெனவே ஒரு ஆர்தான். என்ன, அது 1-களைத் தேடாமல் 0-களைத் தேடுகிறது. ஆகவே உள்ளீடு இரண்டையும் தனித்தனியே தலைகீழாக்கி நேண்டுக்குள் அனுப்பினால் அசல் ஆர் வெளியே வரும். மூன்று கேட்.

"இரண்டும் உண்டு என்பது தவறு" என்பதும் "இரண்டில் ஒன்றாவது இல்லை" என்பதும் ஒன்றே. இந்த உறவுக்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டதால் மதுரை அவருக்கு நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. லண்டனில் கணிதப் பேராசிரியரான அவர் 1847-இல் தர்க்கத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஜார்ஜ் பூலின் முதல் தர்க்க நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இந்த உறவு இடைக்கால ஐரோப்பியத் தர்க்கவாதிகளுக்குத் தெரிந்ததே. இருந்தாலும் அதைக் குறியீட்டில் வடித்தவர் பெயர் நிலைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு செயல் போதும் என்று 1913-இல் அச்சில் நிறுவியவர் ஹென்றி ஷெஃபர் என்ற அமெரிக்கர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சார்லஸ் பியர்ஸ் இதைக் கண்டு எழுதிவைத்திருந்தார், ஆனால் அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை.

மூன்று கருவியும் கிடைத்துவிட்டன, சரி. ஆனால் எந்த நிபந்தனைக்கும் இவை போதும் என்பது எப்படித் தெரியும்? அந்த நிபந்தனையின் எல்லா நிலைகளையும் ஒரு அட்டவணையாக எழுதுங்கள். விடை 1 வரும் வரிகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வரியும் "இது 1, அது 0, இன்னொன்று 1" என்ற வகையில் இருக்கும். அதாவது ஒரு ஆண்ட், தேவையான இடங்களில் நாட். அந்த வரிகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு ஆரில் சேர்த்துவிடலாம். எந்த அட்டவணைக்கும் இது செல்லும். இதைவிட அழகான செய்தி ஒன்று உண்டு: முதல் வரிசை ஆண்டுகளையும் கடைசி ஆரையும் அப்படியே நேண்டாக மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. முதல் வரிசை நேண்ட் தலைகீழாக்கி அனுப்புகிறது. இரண்டாம் வரிசை நேண்ட் தலைகீழாக வருவதைத்தான் தேடுகிறது. இரண்டு தலைகீழும் நடுவழியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

ஆண்டும் ஆரும் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதற்குக் காரணம் எளிமையானது. ஆண்டிலோ ஆரிலோ ஓர் உள்ளீட்டை 0-விலிருந்து 1-க்கு ஏற்றினால், வெளியீடு ஏறலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒருபோதும் இறங்காது. இறங்கவே தெரியாத இரண்டை எத்தனை அடுக்காக இணைத்தாலும் மொத்தமும் இறங்கத் தெரியாததாகவே இருக்கும். "தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும்" என்பது ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்க வேண்டிய நிபந்தனை. ஆயிரம் ஆண்டும் ஆரும் வாங்கிக் கொடுத்தாலும் இதை அவற்றால் கட்ட முடியாது. நேண்டின் சக்தி அதன் வாலில் ஒட்டியிருக்கும் அந்த 'இல்லை'யில்தான் இருக்கிறது.

டிரான்சிஸ்டருக்கும் அந்த 'இல்லை' பிடித்தமானது. உள்ளே மின்னழுத்தம் ஏறினால் அது திறந்து, வெளியீட்டைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். தலைகீழாக்குவது அதன் இயல்பு. இன்றைய சிமாஸ் முறையில் ஒரு நேண்டுக்கு 4 டிரான்சிஸ்டர் போதும், ஆண்டுக்கு 6 வேண்டும், ஏனென்றால் ஆண்ட் என்று நாம் வாங்குவதே உள்ளுக்குள் நேண்டும் ஒரு நாட்டும்தான். நேண்டைப் போலவே நார் கேட்டும் எல்லாவற்றையும் கட்ட வல்லது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியின் தர்க்கச் சுற்று முழுக்க மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகளால் ஆனது. ஒரே வகைச் சில்லு என்றால் சோதிப்பதும் எளிது, நம்புவதும் எளிது. ஆனால் சிமாஸ் நாரில் மின்சாரம் வரும் பக்கத்து டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்தப் பக்கத்து டிரான்சிஸ்டர்கள் இயல்பிலேயே மந்தமானவை. அதனால் நார் மெதுவாகிறது, நேண்ட் முந்திக்கொள்கிறது.

இனி ஒரு வேலையை எடுத்துச் செய்து பார்ப்போம். வீட்டில் தரைக்கடியில் சம்ப், மாடியில் தொட்டி, நடுவில் மோட்டார். சம்பில் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் வெற்றாக ஓடிக் கெட்டுவிடும். அதோடு மாடித் தொட்டி நிறையாமல் இருக்க வேண்டும். அல்லது யாராவது பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், தொட்டி நிறைந்திருந்தாலும் செடிகளுக்கு நேரடியாகத் தண்ணீர் விட ஒரு வழி வேண்டுமே! சம்பில் நீர் உண்டு என்பது S, தொட்டி நிறைந்தது என்பது T, பொத்தான் அழுத்தப்பட்டது என்பது K, மோட்டார் M.

பாடப்புத்தக வழியில் போனால் T-க்கு ஒரு நாட், அதையும் K-யையும் சேர்க்க ஒரு ஆர், கடைசியில் S-உடன் ஒரு ஆண்ட். கேட் மூன்றுதான், ஆனால் சில்லும் மூன்று: நாட்டுக்கு 7404, ஆருக்கு 7432, ஆண்டுக்கு 7408. ஒவ்வொன்றிலும் ஒரு கேட்டை மட்டும் பயன்படுத்திவிட்டு மீதியைச் சும்மா விட வேண்டும்.

நேண்டுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கேட்டாகப் பெயர்த்துக்கொண்டிருந்தால் செலவு கூடும். நாட்டுக்கு 1, ஆருக்கு 3, ஆண்டுக்கு 2, ஆக 6. அப்படிச் செய்யாமல் தலைகீழ்கள் எங்கே அடித்துக்கொண்டு போகின்றன என்று பார்க்க வேண்டும். "T இல்லை அல்லது K" என்பதை நேண்டின் இரண்டாவது முகத்தோடு ஒப்பிடுங்கள்: ஏதாவது ஒன்று 0 என்றால் 1. T-யை அப்படியே கொடுத்தால் போதும், அதன் 'இல்லை'யை நேண்டே பார்த்துக்கொள்ளும். K-யை மட்டும் தலைகீழாக்கித் தர வேண்டும்.

```
P = NAND(K, K)
X = NAND(T, P)
Y = NAND(S, X)
M = NAND(Y, Y)
```

நான்கே கேட். ஒரு 7400 சில்லில் கச்சிதமாக அடங்கிவிட்டது. சரிபார்ப்போம். சம்பில் நீர் உண்டு, தொட்டி நிறைந்திருக்கிறது, பொத்தானை யாரும் தொடவில்லை. P 1. T-யும் P-யும் 1 என்பதால் X 0. Y 1. M 0, மோட்டார் நிற்கிறது. இப்போது பொத்தானை அழுத்துங்கள். P 0 ஆகிறது, X 1, S-உம் X-உம் 1 என்பதால் Y 0, M 1. ஓடுகிறது. சம்ப் வற்றி S 0 ஆனால் மற்றவை என்னவாக இருந்தாலும் Y 1, M 0.

இதிலும் இரண்டு கேட் தண்டம். முதலும் கடைசியும் வெறும் தலைகீழ் வேலைதான் பார்க்கின்றன, அந்த வேலையைச் சுற்றுக்கு வெளியே தள்ளிவிடலாம். பொத்தானின் ஒரு முனையைக் கிரவுண்டில் கொடுத்து, மறுமுனையை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டினால், அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. அதாவது பொத்தானே P-யைத் தந்துவிடுகிறது. கடைகளில் கிடைக்கும் ரிலே பலகைகளில் பல 0 கொடுத்தால் இழுக்கும் வகை. அதற்கு Y-யையே நேராகக் கொடுக்கலாம். மீதமிருப்பது இரண்டு கேட். தலைகீழ்களை ஓரத்துக்குத் தள்ளுவது என்பதுதான் நேண்டில் வேலை செய்பவர்களின் கைப்பழக்கம். (ரிலேக்கு அப்பால் இருப்பது 230 வோல்ட், அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியனுடையது.)

இப்படியே கட்டி மாட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது. தொட்டி நிறைந்து மோட்டார் நிற்கும். யாரோ ஒரு வாளி பிடிப்பார்கள், மட்டம் ஓர் அங்குலம் இறங்கும், உடனே மோட்டார் ஓடும். ஒரு நிமிடத்தில் நிறைந்து நிற்கும். நீர்ப்பரப்பு அலைந்தாலே ரிலே படபடவென்று அடிக்கும். தர்க்கத்தில் பிழை ஒன்றுமில்லை. சுற்று இந்த நொடியை மட்டும் பார்க்கிறது, அதுதான் கோளாறு. பாதித் தொட்டி இருக்கும்போது மோட்டார் ஓட வேண்டுமா என்பதற்கு அட்டவணையில் விடை கிடையாது. நிறைந்துகொண்டிருந்த தொட்டியா, காலியாகிக்கொண்டிருந்த தொட்டியா என்பது தெரிந்தால்தான் சொல்ல முடியும். சுற்றுக்கு நினைவு வேண்டும்.

எந்த அட்டவணையையும் கட்டலாம் என்று மேலே சொன்னதில் நினைவு அடங்காது. அதற்கு வெளியீட்டை மறுபடி உள்ளே திருப்பிவிட வேண்டும். நேண்டில் அதுவும் மலிவுதான்: இரண்டு நேண்டை எடுத்து, இதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கும் அதன் வெளியீட்டை இதன் உள்ளீட்டுக்கும் குறுக்காகக் கொடுத்தால் லேட்ச் என்ற நினைவுச் சுற்று கிடைக்கும்.

தொட்டியில் இப்போது இரண்டு மிதவைச் சுவிட்ச். கீழே இருப்பது L, நீர் அதைத் தொட்டால் 1. மேலே இருப்பது V, அதை நிறைந்தால் 0 தருமாறு கட்டிவிடுவோம், அங்கே ஒரு நாட் மிச்சம். பொத்தானும் ரிலேயும் முன்பு சொன்ன மாதிரியே.

```
Q = NAND(L, R)
R = NAND(V, Q)
X = NAND(R, P)
Y = NAND(S, X)
```

தொட்டி வற்றி L 0 ஆகிறது. ஏதாவது ஒன்று 0 என்றால் 1 என்பதால் Q 1. V-யும் 1, நிறையவில்லை அல்லவா, ஆகவே R 0. அது X-ஐ 1 ஆக்குகிறது, சம்பில் நீர் இருந்தால் Y 0, ரிலே இழுக்கிறது. நீர் ஏறிக் கீழ் மிதவையைத் தொடுகிறது, L 1 ஆகிறது. ஆனால் R இன்னும் 0 என்பதால் Q அசையாது. மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. நீர் மேல் மிதவையைத் தொட்டதும் V 0, R 1, Q 0, மோட்டார் நிற்கிறது. பிறகு மட்டம் இறங்கி V 1-க்குத் திரும்பினாலும் Q 0 என்பதால் R 1-இலேயே நிற்கும். கீழ் மிதவை வரை இறங்கினால்தான் மறுபடி எல்லாம் தொடங்கும். முதலில் போட்ட சுற்றில் T இருந்த இடத்தில் இப்போது R உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். மொத்தம் நான்கு கேட், மறுபடியும் ஒரே சில்லு.

பாதித் தொட்டியில் கரண்ட் போய் வந்தால் லேட்ச் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. இங்கே அதனால் கேடில்லை. ஒன்று இப்போதே நிரப்பும், இல்லாவிட்டால் கீழ் மட்டம் வரும் வரை காத்திருக்கும்.

கவலைப்பட வேண்டியது கம்பி அறுவதைப் பற்றி. மொட்டை மாடியில் வெயிலும் மழையும் எலியும் கம்பியைச் சும்மா விடுவதில்லை. அறுந்த கம்பி அந்தரத்தில் தொங்கினால் சிமாஸ் சில்லு அதை 0 என்றும் 1 என்றும் மாறி மாறிப் படிக்கும், மோட்டார் பேய் பிடித்ததுபோல நடந்துகொள்ளும். அதனால் மூன்று மிதவைகளின் கம்பியையும் சில்லின் அருகில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் கட்ட வேண்டும், மிதவை மூடும்போது மட்டும் 5 வோல்ட் வரும். மேல் மிதவை நீர் வந்தால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். அப்போது எந்தக் கம்பி அறுந்தாலும் அது 0 என்று படிக்கப்படும். சம்பின் கம்பி அறுந்தால் "நீர் இல்லை", மோட்டார் ஓடாது. மேல் மிதவையின் கம்பி அறுந்தால் "நிறைந்துவிட்டது", அப்போதும் ஓடாது. கீழ் மிதவையின் கம்பி அறுந்தால் "வற்றிவிட்டது" என்று பொருளாகும், இது ஆபத்தாகத் தெரிகிறது. ஆனால் தொட்டி நிறைந்து V 0 ஆகும்போது R கட்டாயம் 1, மோட்டார் நின்றுவிடும். மட்டம் சற்று இறங்கினால் மறுபடி ஓடும். பழைய படபடப்பு திரும்பி வரும், ஆனால் தொட்டி வழியாது. Q-வை எடுத்துத் தலைகீழாக்கி R-க்குப் பதில் வைத்திருந்தால் இதே நிலையில் மோட்டார் நிற்காமல் ஓடி மாடியெல்லாம் தண்ணீராகியிருக்கும். நல்ல நிலையில் Q-வின் தலைகீழும் R-உம் ஒன்றுதான், கெட்ட நிலையில்தான் வேறாகின்றன.

ஏனென்றால் L-உம் V-யும் ஒரே நேரத்தில் 0 ஆனால் Q, R இரண்டும் 1 ஆகிவிடும். பாடப்புத்தகம் இதைத் தடைசெய்யப்பட்ட நிலை என்று சொல்லி விட்டுவிடுகிறது. பழுது பார்ப்பவருக்கு அது நல்ல தடயம். வற்றியும் நிறைந்தும் ஒரே நேரத்தில் ஒரு தொட்டி இருக்க முடியாது, ஆகவே ஏதோ ஒரு மிதவை பொய் சொல்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். Q-விலும் R-இலும் ஒருசேர 5 வோல்ட் வந்து, தொட்டி நிறைந்திருந்தால் அறுந்தது கீழ் மிதவையின் கம்பி. தொட்டி காலியாக இருந்தால் மேல் மிதவையின் கம்பி.